புதுப்பிப்பு: போனஸ் பணத்தில் பர்சனல் லோனைக் குறைக்கக் கேட்டிருந்தேன்

“லோன் பாக்கி 4,20,000. போனஸ் 1,50,000-ஐக் கட்டினால் 4 சதவீதக் கட்டணம், அதன்மேல் ஜிஎஸ்டி, மொத்தம் 7,080 என்கிறார்கள். தள்ளுபடி கேட்கலாமா?”

கேட்டேன். கிளையில் முடியாது என்றார்கள். ரிசர்வ் வங்கியே கட்டணத்தைத் தடை செய்துவிட்டது என்று என் கேள்விக்குப் பதிலாக ஒருவர் எழுதியிருந்தார். அது மாறும் வட்டிக் கடனுக்கு. என்னுடையது நிலையான வட்டி. வீட்டுக்கடன் அனுபவம் சொன்ன அக்காவுக்கு நன்றி, அது எனக்குப் பொருந்தவில்லை.

சாங்ஷன் லெட்டரைப் படிக்கச் சொன்ன அண்ணன்தான் காப்பாற்றினார். 12 தவணை முடிந்தபின் நிதியாண்டுக்கு ஒருமுறை, பாக்கியில் 25 சதவீதம் வரை கட்டணமில்லை என்று அதில் இருந்தது. அந்த வரியைக் காட்டி மெயில் போட்டதும் 1,05,000-ஐக் கட்டணமின்றி ஏற்றார்கள்.

ஆனால் முதலில் அதை முன்கூட்டிய தவணையாக வரவு வைத்துவிட்டார்கள். ஸ்டேட்மென்டில் அசல் குறையவே இல்லை! மறுபடி எழுதி, அசலில் கழித்து, தவணைத் தொகையை மாற்றாமல் காலத்தைக் குறைக்க வைத்தேன்.

மீதி 45,000-க்குக் கட்டணம் 2,124. ஏப்ரலில் புதிய நிதியாண்டு தொடங்கினால் அதையும் கட்டணமின்றிக் கட்டலாம், அதற்கு மூன்று மாதம்தான். 14 சதவீத வட்டி அதற்குள் 1,575 ஆகும். அதனால் காத்திருக்கிறேன். அந்தக் கட்டணத்திலும் தள்ளுபடி கேட்டு மேலாளருக்கு எழுதியிருக்கிறேன், பதில் வரவில்லை.