ஒற்றைத் தலைவலி அட்டவணை: தொடரும் வலியைக் கணக்கிலிருந்து ஒதுக்குவது எப்படி?

வணக்கம். நரம்பியல் மருத்துவரைப் பார்க்கும் முன் 60 நாள் நிரப்புவதற்காகக் கூகுள் ஷீட்ஸில் ஒரு அட்டவணை போட்டிருக்கிறேன். A தேதி, B முந்தைய இரவு தூங்கிய மணி, C ஒரு வேளை சாப்பாடு தவறினால் 1, தவறாவிட்டால் 0, D வலியின் கடுமை 0 முதல் 10 வரை.

வலி இல்லாத நாளிலும் D-யில் 0 போட்டே ஆகவேண்டும். காலியாக விட்டால் அந்த நாள் சராசரியில் சேராது. வலி உள்ளதைவிட மோசமாகத் தெரியும்.

சாப்பாடு தவறியதன் விளைவு மறுநாளும் தெரியலாம் என்பதால் ஒரு வரி தள்ளிப் பார்க்கிறேன்:

```
=AVERAGEIFS(D3:D61,C2:C60,1)
```

கடைசி 1-ஐ 0 ஆக்கி, இரண்டு சராசரிகளையும் ஒப்பிடலாம்.

சிக்கல் இங்கேதான். ஒற்றைத் தலைவலி 72 மணி நேரம்வரைகூட நீடிக்கும். வாந்தியில் இரண்டாம் நாள் சாப்பிட முடியாமல் போனால் C-யில் 1 விழுகிறது. மூன்றாம் நாள் வலிக்குப் பட்டினிதான் காரணம் என்று சூத்திரம் காட்டிவிடுகிறது. வலி தொடங்கிய நாளை மட்டும் எடுக்க E-யில் என்ன சூத்திரம் போடலாம்?

இன்னொன்று: வலிக்கு முந்தைய நாள் வரும் இனிப்பு ஆசை, கொட்டாவி இரண்டும் வலியின் முன்னறிகுறியாகவே இருக்கலாம். அவற்றைத் தூண்டுதல்களோடு சேர்க்காமல் தனிப் பத்தியில் வைத்தவர்கள் எப்படி அமைத்தீர்கள்?