செவ்வாய்ப் பெயர்ச்சியை ராசிப்படி எண்ணுவதா, பாவப்படி எண்ணுவதா?

குழுவினருக்கு வணக்கம். நான் கன்னி லக்னம்; லக்னப் புள்ளி 24 பாகையில் உள்ளது. கடந்த ஓராண்டாகச் செவ்வாயின் கோசாரத்தைக் குறிப்பேட்டில் எழுதி வருகிறேன்.

செவ்வாய் ஒரு வீட்டில் ஏறத்தாழ இரண்டு மாதம் தங்கி, அந்த வீட்டுக்குரிய விஷயங்களில் உரசலும் பதற்றமும் தரும் என்று பொதுவாகச் சொல்வார்கள். அதன் 687 நாள் சுற்றைப் பன்னிரண்டால் வகுத்தால் ஒரு வீட்டுக்குச் சராசரியாக 57 நாள் வருகிறது. வக்கிரம் இல்லாத காலத்தில் ஒன்றரை மாதமே ஆவதால், 'இரண்டு மாதம்' என்பது வக்கிர காலத்தையும் சேர்த்த சராசரி என்றே புரிந்துகொள்கிறேன்.

என் சிக்கல் எல்லையில்தான் இருக்கிறது. திருக்கணிதப்படி செவ்வாய் 2025 ஜூலை 28 முதல் செப்டம்பர் 13 வரை கன்னியில் இருந்தது. லக்னப் புள்ளியை நடுவாக வைத்து இருபுறமும் 15 பாகை கொண்டு பாவம் கணித்தாலோ, முதல் பாவம் கன்னி 9 பாகையில், அதாவது ஆகஸ்ட் 11 வாக்கில்தான் தொடங்கி, செப்டம்பர் 26 வாக்கில் முடிகிறது.

ஆகஸ்ட் 4 அன்று அவசரமாகக் காய் நறுக்கியபோது விரலை ஆழமாக வெட்டிக்கொண்டேன். உடலைக் குறிக்கும் முதல் வீட்டுப் பலனாக இதைக் கொண்டால் ராசிக் கணக்கே பொருந்துகிறது. பாவக் கணக்கில் அன்று செவ்வாய் பன்னிரண்டில் இருந்தது. செப்டம்பர் 20 அன்று குடும்பப் பணம் தொடர்பாக அண்ணனிடம் கடுஞ்சொல் பேசிவிட்டேன். வாக்கு, தனம் இரண்டும் இரண்டாம் வீட்டுக்குரியவை என்பதால் இதுவும் ராசிக் கணக்கின் பக்கமே சாய்கிறது. (பொருத்தம் தேடுபவனுக்குப் பொருத்தம் கிடைத்துவிடும் என்பதையும் மறக்கவில்லை.)

லக்னப் புள்ளி ராசியின் கடைசிப் பாகைகளில் அமைந்தவர்கள், செவ்வாய் அந்த வீட்டைக் கடந்தபோது உரசலும் பதற்றமும் எந்தத் தேதியில் தொடங்கின என்பதைப் பாகையுடன் பகிர்ந்தால் பெரிதும் உதவியாக இருக்கும்.