பதிவேட்டில் 21 மரணம்: எங்கள் ஊர் அவ்வளவு ஆரோக்கியமானதா?

கல்லூரிக்காரி:
காரைக்குடி பக்கம் ஒரு பேரூராட்சி எங்கள் ஊர். 2011 மக்கள்தொகைக் கணக்கில் ஏறக்குறைய 6,000 பேர். போன வருடம் பதிவான மரணம் 21. ஆயிரத்துக்கு 3.5 வருகிறது. தமிழ்நாட்டுக்கு 6-ஐ ஒட்டிச் சொல்கிறார்கள். எங்கள் ஊர் ஆரோக்கியமான ஊர் என்று புராஜெக்டில் எழுதலாமா?

செம்மண்:
எழுதாதீர்கள். பதிவேடு என்பது யார் வந்து சொன்னார்களோ அவர்களின் பட்டியல், அவ்வளவுதான். தேசியக் குடும்ப நல ஆய்வு இருக்கிறது, 2019-21 சுற்றில் சிவகங்கைக்குத் தனித் தாளே போட்டிருக்கிறார்கள். பயிற்சி பெற்றவர்கள் வீடு வீடாகப் போய்க் கேட்டது. அதை எடுத்துக்கொண்டு பதிவேட்டை மூடி வையுங்கள்.

வளவு வீடு:
எனக்கும் இதே தலைவலிதான். அப்பச்சி ஊரில்தான் இருந்தார்கள். கடைசி நாலு நாள் மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனை. காரியமெல்லாம் ஊரில். இறப்புச் சான்றிதழுக்கு எங்கள் பேரூராட்சியில் கேட்டால் "மதுரைக்குப் போங்கள்" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். மூன்று தலைமுறை வரி கட்டிய வீடு எங்களுடையது! சான்றிதழை ஊரிலேயே வாங்க வழி உண்டா? இன்னொன்று, மருத்துவமனை கொடுத்த காகிதத்தில் காரணம் "இதயம் நின்றது" என்று மட்டும் இருக்கிறது. யாருக்குத்தான் இதயம் நிற்காமல் உயிர் போகிறது?

பதிவேட்டுக்காரர்:
வட்டார சுகாதாரப் புள்ளியியலாளராக இருந்து ஓய்வு பெற்றவன். வளவு வீடு கேட்டது வேறு கேள்விதான். ஆனால் பாப்பாவின் 21-க்கு விடை அதற்குள்ளேயே இருக்கிறது.

1969 பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி மரணத்தை அது நடந்த இடத்தில்தான் பதிய வேண்டும். வீடு எங்கே, வரி எங்கே என்பதைப் பார்ப்பதில்லை. ஆகவே உங்கள் அப்பச்சி மதுரைக் கணக்கில்தான் வருவார்கள். அறிக்கைப் படிவத்தின் புள்ளிவிவரப் பகுதியில் இறந்தவர் வசித்த ஊரையும் கேட்பார்கள். அந்தப் பகுதி புள்ளிவிவரத்துக்காக மேலே போய்விடும். அங்கே யாராவது வசித்த ஊர்ப்படி பிரித்துத் திருப்பி அனுப்பினால்தான் ஊருக்குத் தெரியும். என் காலத்தில் எங்கள் வட்டாரத்துக்கு அப்படி ஒரு தாளும் வந்ததில்லை.

பாப்பா, ஒரு மாதிரிக் கணக்கு போடுவோம். உன் 6,000, உன் 21. மற்ற எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொள்பவை.

21-ல் ஒருவர் திருவிழாவுக்கு வந்த இடத்தில் இறந்த வெளியூர்க்காரர், உடலைச் சொந்த ஊருக்குக் கொண்டுபோய்விட்டார்கள். ஊர்க்காரர் 20. அடுத்து மயானத்து நோட்டைப் பார்க்கிறாய். அந்த வருடம் 49 பெயர். இரண்டையும் பெயர் பெயராக ஒப்பிட்டால் 19 பேர் இரண்டிலும் இருக்கிறார்கள். பதிவில் மட்டும் இருக்கிற ஒருவர் கபர்ஸ்தானில் அடக்கமானவர். நோட்டில் மட்டும் இருக்கும் 30 பேரின் வீட்டுக்குப் போய்க் கேட்கிறாய். 14 பேர் மதுரை, சிவகங்கை, காரைக்குடி மருத்துவமனைகளில் இறந்தவர்கள். சான்றிதழ் அந்தந்த ஊரில் வாங்கியிருக்கிறார்கள். 9 பேர் சென்னையிலோ வெளிநாட்டிலோ குடியிருந்தவர்கள், தகனத்துக்கு மட்டும் ஊருக்குக் கொண்டுவரப்பட்டவர்கள். பாக்கி 7 பேர் வீட்டிலேயே இறந்து எங்கும் பதியாதவர்கள்.

உன் ஊர்க்காரர் மரணம் 20, 14, 7, ஆக 41. 6,000-க்கு வகுத்தால் 6.8. பதிவேட்டில் கண்டதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. பதிவேடு பொய் சொல்லவில்லை. "இங்கே எத்தனை மரணம் நடந்தது" என்பதற்கு அது பதில் சொன்னது. நீ கேட்டது "இங்கே வாழ்கிறவர்கள் எத்தனை பேர் இறந்தார்கள்" என்று.

செம்மண்:
ஐயா, நான் சொன்னதைத்தானே நிரூபித்தீர்கள்? பதிவேட்டை நம்பக்கூடாது.

பதிவேட்டுக்காரர்:
ஆய்வை நம்பி இந்தக் கேள்விக்கு என்ன செய்வீர்கள் தம்பி? அந்தச் சுற்றில் தமிழ்நாடு முழுக்க 27,929 வீடுகள். மாவட்டத்துக்குச் சராசரியாகத் தொள்ளாயிரம்கூட வராது. ஒரு இடத்தைத் தேர்ந்தால் அங்கே 22 வீடு எடுப்பார்கள். பாப்பாவின் பேரூராட்சி அதில் விழுந்திருக்கவே வாய்ப்பு குறைவு. விழுந்திருந்தாலும், 22 வீட்டில் ஒரு வருடத்தில் ஒரு மரணம் கூட நடக்காமல் போகலாம், மூன்றும் நடக்கலாம். சிசு மரண விகிதத்தைக்கூட அந்த மாவட்டத் தாளில் போடுவதில்லை, காரணம் இதேதான்.

அதற்காக அதை வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். 15 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு வீட்டிலேயே ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்தார்கள். மருத்துவமனை வாசலே மிதிக்காத ஆளின் சர்க்கரை எந்த மருத்துவமனைப் பதிவிலும் வராது. அங்கே ஆய்வுதான் ராஜா.

வளவு வீடு:
எங்களிடம் இதைவிட நல்ல கணக்கு இருக்கிறதே. நகரத்தாரில் கல்யாணமானால் அந்தத் தம்பதியைக் கோயிலில் ஒரு புள்ளியாகச் சேர்க்கிறோம். ஒன்பது கோயிலுக்கும் யார் யார் புள்ளி என்று நோட்டு உண்டு. சிங்கப்பூரில் இருந்தாலும் விடுபடாது.

பதிவேட்டுக்காரர்:
விடுபடாது என்பதுதான் இங்கே சிக்கல். சிங்கப்பூர்க்காரரும் புள்ளிதான், ஆனால் அவர் இங்கே வாழவில்லை. உங்கள் வீட்டில் வேலை செய்யும் குடும்பம் முப்பது வருடமாக இங்கேயே இருந்தும் புள்ளியில் இல்லை. கோயில் வரிக்கு அருமையான கணக்கு, மரண விகிதத்துக்கு உதவாது.

மக்கள்தொகைக் கணக்கு இதில் நேர்மாறு. 2011-ல் பிப்ரவரி 9 முதல் 28 வரை ஆள் எண்ணினார்கள். அந்த நாட்கள் முழுக்க வெளியே இருந்தவரை இந்த வீட்டில் சேர்க்கக்கூடாது. எண்பது ஜன்னல் வைத்த வீடானாலும் பூட்டிக் கிடந்தால் ஆள் பூஜ்யம். காவலுக்குத் தாழ்வாரத்தில் இருக்கும் தம்பதி மட்டும் கணக்கில் வருவார்கள்.

கல்லூரிக்காரி:
அப்படியென்றால் 6,000 என்பது நிஜமாகவே இங்கே இருந்தவர்கள்தானே ஐயா? அதை வகுக்கலாமே?

பதிவேட்டுக்காரர்:
2011-ல் இருந்தவர்கள். மரணம் போன வருடத்தது. 2021 கணக்கெடுப்பு நடக்கவேயில்லை, அடுத்ததற்கு 2027 மார்ச் 1 என்று அறிவித்திருக்கிறார்கள். இடையில் எத்தனை பிள்ளைகள் சென்னைக்கும் துபாய்க்கும் போனார்கள்? இப்போது 4,800 பேர்தான் இருக்கிறார்கள் என்று வை, அதே 41 மரணம் 8.5 ஆகிவிடும். அதுவும் உன் ஊர் ஆரோக்கியக் கேடான ஊர் என்று அர்த்தமில்லை. இளசுகள் போய்விட்டால் மிஞ்சுவது வயதானவர்கள். வயதுவாரியாகப் பிரிக்காமல் மாநில எண்ணோடு ஒப்பிடவே கூடாது.

செம்மண்:
சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் விடுபட்டது எவ்வளவு என்று கணக்கிட ஒரு வழி இருக்கிறது. கல்கத்தா பக்கத்தில் சிங்கூர் தரவை வைத்துச் சந்திரசேகரனும் டெமிங்கும் 1949-ல் கொடுத்த முறை. இரண்டு பட்டியலில் பொதுவானது எவ்வளவு என்று பார்த்து, இரண்டிலும் இல்லாததை ஊகிப்பது. ஊர்க்காரர்களில் எங்காவது பதிவானவர் 20-ம் 14-ம் சேர்த்து 34, மயான நோட்டில் வெளியே குடியிருந்த 9 பேரைக் கழித்து 40, இரண்டிலும் 19-ம் 14-ம் சேர்த்து 33.

```
34 × 40 ÷ 33 = 41.2
```

கையில் கிடைத்தது 41. ஆக எதுவும் விடுபடவில்லை. முடிந்தது கதை.

பதிவேட்டுக்காரர்:
முறையைச் சரியாகப் பிடித்தீர்கள். நம் நாட்டின் மாதிரிப் பதிவுத் திட்டமே கிட்டத்தட்ட இதுதான். உள்ளூரில் ஒருவர் வருடம் முழுக்கப் பிறப்பு இறப்பைக் குறிப்பார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மேற்பார்வையாளர் வந்து தனியாகக் கேட்பார். ஒத்துப்போகாததை மட்டும் திரும்பப் போய் விசாரிப்பார்கள். ஊர்வாசி எங்கே இறந்தாலும் எண்ணுவார்கள், அதனால் மதுரைக் குழப்பம் இல்லை. பாப்பா ஒப்பிட்ட அந்த 6 அங்கிருந்து வந்ததுதான். மாநிலம் வரை நம்பலாம், ஊருக்கு இறங்காது.

ஆனால் அங்கே ஒரு நிபந்தனை: இரண்டு பட்டியலும் ஒன்றை ஒன்று பார்க்கக்கூடாது. நம் கணக்கில் அப்படியா? மயானப் பொறுப்பாளரும் மரணத்தைத் தெரிவிக்க வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது. அவர் சொல்லிப் பதிவானது இரண்டு பட்டியலிலும் விழும். பொதுவானது கூடக்கூட, விடுபட்டது குறைவாகத் தெரியும். உங்கள் 41.2 அதனால்தான் இவ்வளவு அழகாக இருக்கிறது.

ஊசி அக்கா:
நான் கிராம சுகாதாரச் செவிலியர். இவ்வளவு நேரம் படித்தேன், ஒருவர்கூடக் குழந்தையைச் சொல்லவில்லை.

பிறந்து ரெண்டு மூணு நாளில் போகும் சிசுவை மயானத்துக்கு யார் கொண்டுபோகிறார்கள்? விடியுமுன்னே வயல் ஓரத்தில் புதைத்துவிட்டு வந்துவிடுவார்கள். நோட்டில் வராது. வீட்டில் நடந்தால் பதிவிலும் வராது. செம்மண் தம்பியின் வகுத்தலில் அந்தக் குழந்தை இல்லவே இல்லை.

எங்களிடம் பிக்மி என்று கர்ப்பிணிகளைப் பதிகிற கணினிப் பதிவு இருக்கிறது. கர்ப்பம் தெரிந்ததும் 12 இலக்க எண் போடுகிறோம், அது இல்லாமல் பிறப்புச் சான்றிதழுக்கே சிரமம். அதனால் தாய் விடுபடுவது குறைவு. எந்த எண்ணுக்குப் பிரசவ விவரம் ஏறவில்லை, எந்தக் குழந்தை முதல் தடுப்பூசிக்கு வரவில்லை என்று பார்த்தால் போதும், எந்த வீட்டுக் கதவைத் தட்டுவதென்று தெரிந்துவிடும். ஆனால் தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய் வீட்டுக்குப் போய்விடுவாள். வராத குழந்தை இறந்ததா, புதுக்கோட்டையில் ஊசி போட்டுக்கொண்டிருக்கிறதா என்பதற்கு நாங்கள் போன் போட்டுப் போன் போட்டு ஓய்ந்துபோகிறோம்.

வளவு வீடு:
அக்கா சொன்னது மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. என் கேள்விக்கு மட்டும் இன்னும் பதில் வரவில்லை. "இதயம் நின்றது"?

பதிவேட்டுக்காரர்:
மருத்துவச் சான்றுப் படிவத்தில் வரிசை உண்டு. முதல் வரியில் கடைசியாக என்ன ஆனது, அடுத்தடுத்த வரிகளில் அது எதனால் என்று எழுதி, கடைசி வரியில் எல்லாவற்றையும் தொடங்கிவைத்த நோய். காலில் புண், அது அழுகி ரத்தத்தில் நஞ்சு, இருபது வருடச் சர்க்கரை என்று இருந்தால் கணக்கு சர்க்கரையில் போய்ச் சேர வேண்டும். அவசரத்தில் முதல் வரியோடு நிறுத்தி "இதயம் நின்றது" என்றால் அந்த மரணம் எதற்கும் உதவாத குப்பைக் குறியீட்டில் விழும். அப்பச்சிக்குச் சர்க்கரை இருந்ததா?

வளவு வீடு:
இருந்தது. கால் விரல் எடுத்தார்கள்.

பதிவேட்டுக்காரர்:
நினைத்தேன். இறப்புச் சான்றிதழில் காரணம் அச்சாகாது, சட்டம் அதைத் தடுக்கிறது. காரணச் சான்றின் நகலை நெருங்கிய உறவினருக்குத் தர வேண்டும் என்று 2023 திருத்தத்தில் வந்திருக்கிறது. உங்களிடம் இருக்கும் காகிதம் அந்தப் படிவமா, வெறும் சீட்டா என்று பாருங்கள்.

செம்மண்:
அப்போ 41-ஆ, அதற்கு மேலா? ஒரு எண் சொல்லுங்கள் ஐயா, பாவம் அந்தப் பெண் எதை எழுதுவாள்?

பதிவேட்டுக்காரர்:
41-க்குக் குறையாது என்பேன். கபர்ஸ்தான் நோட்டும் கல்லறைத் தோட்டத்து நோட்டும் இன்னும் பார்க்கவில்லை. மதுரையிலேயே தகனம் முடித்து அஸ்தி மட்டும் கொண்டுவந்தவர்களும் பாக்கி.

செம்மண்:
அப்படிப் பார்த்தால் எந்த நோட்டும் முடியாது. எனக்கு இன்னும் மாநில அளவு எண்ணே மேல் என்று படுகிறது.

கல்லூரிக்காரி:
நன்றி ஐயா, அக்கா. "ஆரோக்கியமான ஊர்" என்ற தலைப்பை அடித்துவிட்டேன். மயான நோட்டு பார்க்கச் செயல் அலுவலரிடம் மனு கொடுத்திருக்கிறேன், திங்கட்கிழமை வரச் சொன்னார். பூட்டிய வீடு எத்தனை என்று எங்கள் தெருவில் மட்டும் இன்று எண்ணினேன். 31-ல் 19.