மடித்த பெட்டி சரியா? முகம், விளிம்பு, முனை எண்ணிப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

தாம்பரம் கணக்கு டீச்சர்

கனச்சதுரப் பெட்டியின் வலையை, அதாவது பெட்டியைப் பிரித்துத் தட்டையாக விரித்த வடிவத்தை, தாளில் வரைந்து, வெட்டி, மடித்து, பிறகு 6 முகம், 12 விளிம்பு, 8 முனை என்று எண்ணிச் சரிபார்க்கச் சொல்கிறோம். தப்பான வலையை மடித்த பிள்ளைகளும் இதே மூன்று எண்களை எழுதிக் கொண்டுவருவதை அடிக்கடி பார்க்கிறேன்.

ஒரு வலையை எடுத்துக்கொள்ளுங்கள். வரிசையாக நான்கு சதுரம். முதல் சதுரத்தின் தலையில் ஒன்று, மூன்றாவதன் தலையில் ஒன்று. மொத்தம் ஆறு. நான்கையும் சுற்றி மடித்தால் சுவர் வந்துவிடும். மிச்சம் இரண்டும் மேல்பக்கமே இருப்பதால் ஒன்றின் மேல் ஒன்று படுத்துக்கொள்ளும். அடிப்பக்கம் ஓட்டை. ஆனால் அதைக் கையில் வைத்து எண்ணுங்கள்: விளிம்பு 12, முனை 8. இரண்டும் சரி! மூடியில்லாத டப்பாவுக்கும் விளிம்பு பன்னிரண்டுதானே. முகம் மட்டும்தான் 5. அதையும் பிள்ளைகள் உருவத்தைப் பார்த்து எண்ணாமல் தாளில் ஆறு கட்டம் வரைந்த ஞாபகத்தில் 6 என்று எழுதிவிடுகிறார்கள்.

நீங்கள் இதை எப்படிக் கண்டுபிடிக்கச் சொல்லித்தருகிறீர்கள்?

வேளச்சேரி அம்மா

டீச்சர், மடிக்கவே தேவையில்லையே? என் பையனுக்கு நான் சொன்ன வழி: ஒரு சென்டிமீட்டர் கட்டம் போட்ட தாளில் வலையை வரைந்து அதன் சுற்றளவை எண்ண வேண்டும். 14 வந்தால் கனச்சதுரம் வரும், வராவிட்டால் வராது. 2க்கு 3 என்று செவ்வகமாக ஆறு கட்டம் போட்டால் சுற்றளவு 10தான், அது மடியாது. இதுவரை எல்லாவற்றுக்கும் சரியாக வந்திருக்கிறது.

பெரம்பூர் வாத்தியார்

அம்மா சொன்னதில் பாதி ரொம்பச் சரி. 14 வராவிட்டால் கண்டிப்பாக மடியாது. ஆறு சதுரத்துக்கும் சேர்த்து 24 பக்கம். வெட்டு விழாமல் ஒரே துண்டாக ஆறு சதுரம் நிற்க ஐந்து மடிப்புக் கோடு வேண்டும். ஒவ்வொரு கோடும் இரண்டு பக்கத்தைச் சாப்பிடும், ஆகவே 10 போய் 14 மிச்சம். அந்தப் பதினான்கு பக்கமும் இரண்டிரண்டாக ஒட்டினால் 7 ஒட்டு. மடிப்பு 5, ஒட்டு 7, மொத்தம் 12 விளிம்பு. கணக்கு அங்கேயே முடிகிறது.

ஆனால் 14 வந்துவிட்டால் மடியும் என்பது கிடையாது. ஆறு சதுரத்தையும் ஒரே வரிசையில் ரயில்பெட்டி மாதிரி வரைந்து பாருங்கள். சுற்றளவு 6+6+1+1, அதாவது 14. மடித்தால் நான்கு சுவர்தான் நிற்கும், ஐந்தாவதும் ஆறாவதும் முதல் இரண்டின் மேல் போய் ஒட்டிக்கொள்ளும், மேலும் கீழும் திறந்திருக்கும். டீச்சர் சொன்ன வலைக்கும் 14தான். ஆறு சதுரங்களைப் பக்கம் முழுதாகத் தொட்டு அடுக்கினால் 35 உருவம் வரும். திருப்பினாலும் கவிழ்த்தாலும் ஒன்றாகிறவற்றை ஒன்றாகவே எண்ணி இந்த 35. அதில் கனச்சதுரமாக மடிவது 11 மட்டுமே.

வேளச்சேரி அம்மா

ரயில்பெட்டி வலையை இப்போதுதான் வெட்டிப் பார்த்தேன் சார். நீங்கள் சொன்னபடியே ஆனது. அப்படியென்றால் அந்தப் பதினொன்றையும் மனப்பாடம் செய்ய வைப்பதுதான் வழியா?

தாம்பரம் கணக்கு டீச்சர்

வேண்டாம் அம்மா, தேர்வில் படத்தைச் சாய்த்துப் போட்டாலே மனப்பாடம் உதவாது. உருட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு பகடை மாதிரி சின்னக் கனச்சதுரம், ஆறு பக்கமும் வேறு வேறு எண் போட்டது, இருந்தால் போதும். வலையின் ஒரு கட்டத்தில் அதை வையுங்கள். அடியில் இருக்கும் எண்ணைக் கட்டத்தில் எழுதுங்கள். பக்கத்துக் கட்டத்துக்குத் தூக்காமல், விளிம்பைத் தரையில் ஊன்றியபடியே உருட்டுங்கள். கிளை பிரியும் இடத்தில் வந்த வழியே திரும்ப உருட்டி வந்து அடுத்த கிளைக்குப் போக வேண்டும். ஆறு கட்டத்திலும் ஆறு எண் வந்தால் அது வலை. ஒரே எண் இரண்டு முறை விழுந்தால் அந்த இரண்டு கட்டமும் மடித்தபின் ஒன்றின் மேல் ஒன்று விழும். எந்த எண் விழவில்லையோ அங்கே ஓட்டை.

பாரிமுனை அட்டைப்பெட்டி

நான் ஸ்வீட் பாக்ஸ் அடிக்கிற ஆள். டீச்சர் கேட்டதற்குப் பதில்: ஐந்து முகம் வந்தால் தப்பே இல்லை, அதுதான் அடித்தட்டு. மூடி தனியாக இன்னொரு ஐந்து முகம். கடைக்குப் போகிற பெட்டியில் பாதி இப்படித்தான். மூடி உள்பக்கம் கொஞ்சம் பெரிதாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அட்டையின் தடிப்பால் இறங்காது. சுற்றி வந்து ஒட்டுகிற பெட்டியாக இருந்தால், ஒட்டும் காது சேருகிற கடைசிச் சுவரை ஒரு அட்டைத் தடிப்பு அளவுக்குக் குறைத்துப் போடுவோம். ஒரே அளவில் நாலு சுவரும் போட்டால் மூலை உப்பிக்கொண்டு நிற்கும்.

பெரம்பூர் வாத்தியார்

அண்ணே, டீச்சர் கேட்டது ஆறு முகமும் மூடுகிற பெட்டியைப் பற்றி. தொழிலில் ஐந்து முகம் சரிதான், வகுப்பில் அது விடை தப்பு. ஆனால் தடிப்பு விஷயம் இங்கேயும் உண்டு. சாதாரணத் தாளில் தெரியாது. கல்யாணப் பத்திரிகை அட்டை அளவுக்கு தடித்ததில் வெட்டினால் கடைசி ஒட்டு ஒரு மில்லிமீட்டர் வரைக்கும் தள்ளிப்போகும், பிள்ளை வலையே தப்பு என்று நினைத்துக்கொள்ளும். அப்போது எண்ணிக்கையைத்தான் நம்ப வேண்டும், இடைவெளியை அல்ல.

டீச்சரின் கேள்விக்கு வருகிறேன். முனை எத்தனை என்று எண்ணுவதை விட்டுவிட்டு, ஒவ்வொரு முனையிலும் எத்தனை சதுரத்தின் மூலை வந்து சேருகிறது என்று எண்ணச் சொல்லுங்கள். வெட்டுவதற்கு முன் ஆறு சதுரத்தின் ஒவ்வொரு மூலையிலும் பென்சிலால் ஒரு புள்ளி. மொத்தம் 24 புள்ளி. மடித்தபின் எட்டு முனையிலும் மூன்று மூன்று புள்ளி இருக்க வேண்டும். நீங்கள் சொன்ன தப்பான வலையில் நான்கு சுவரும் ஒவ்வொரு முனைக்கும் இரண்டு புள்ளி தரும். இரண்டு மூடியும் மேலேயே விழுவதால் மேல் முனை நான்கிலும் நான்கு நான்கு, கீழ் முனைகளில் இரண்டிரண்டுதான். முனை எட்டு என்ற எண் மறைத்ததை இது வெளியே கொண்டுவந்துவிடும். விளிம்புக்கும் இதே சோதனைதான், ஒவ்வொரு விளிம்பிலும் சரியாக இரண்டு முகம் சந்திக்க வேண்டும். அந்த வலையில் கீழ் விளிம்புகளில் ஒன்று, மேல் விளிம்புகளில் மூன்று.

முகம் + முனை − விளிம்பு = 2 என்ற ஆய்லர் விதியை வைத்தும் பிடிக்கலாம், 5+8−12 ஒன்றுதான் வரும். ஆனால் முகத்தைத் தாளில் எண்ணி 6 என்று போட்டால் 2 வந்து ஏமாற்றிவிடும். மூன்றையும் மடித்த உருவத்திலேயே எண்ண வேண்டும்.

கிண்டி இன்ஜினியரிங் மாணவி

இந்தப் புள்ளி வழி கனச்செவ்வகத்துக்குப் போதாது சார். தங்கைக்கு வரைந்து காட்டியபோது பார்த்தது இது. 8, 5, 3 செ.மீ. பெட்டி. 8 செ.மீ. அகலத்தில் ஒரு பட்டை, அதை நான்காகப் பிரிக்க வேண்டும், இரண்டு பக்கமும் 5க்கு 3 செவ்வகம் ஒவ்வொன்று. அவள் பட்டையை 5, 5, 3, 3 என்று பிரித்தாள். முகம் ஆறு, ஒரே மாதிரி இரண்டிரண்டு, பரப்பளவு 158 சதுர செ.மீ., மடிப்பு ஐந்து. எல்லாம் சரி. மடித்தால் மட்டும் மூடவில்லை.

செங்கோணமாகவே மடித்தால் அடி 5, சுவர் 5 உயரம், மேலே 3 மட்டும் வந்து, அங்கிருந்து 3 கீழே தொங்கும். அடித்தட்டின் ஓரத்துக்கும் தொங்குகிற ஓரத்துக்கும் குறுக்கே 2 செ.மீ., உயரத்தில் 2 செ.மீ. இடைவெளி. அவள் அதை இழுத்துச் செல்லோடேப் போட்டுவிட்டாள். அது பட்டம் மாதிரி கோணிய உருவமாகிவிட்டது. நீளமான விளிம்பு நான்கும் இருந்ததால் 12 விளிம்பு, 8 முனை என்று எழுதியும் விட்டாள்.

சரியான வரிசை 5, 3, 5, 3. எதிரெதிர் முகம் பட்டையில் எப்போதும் ஒன்று விட்டு ஒன்றாகத்தான் வரும். விளிம்பை நீளத்தோடு எண்ணினால் தப்பு தெரிகிறது: 8 செ.மீ. நான்கு, 5 செ.மீ. நான்கு, 3 செ.மீ. நான்கு. பக்கச் செவ்வகங்களை 5 செ.மீ. ஓரத்தில் தொங்கவிட்ட சரியான வலையில் மடிப்பு ஐந்து: 8 மூன்று, 5 இரண்டு. மிச்ச ஒட்டு ஏழு: 8 ஒன்று, 5 இரண்டு, 3 நான்கு. கூட்டினால் 30. வலையின் சுற்றளவு அதற்கு இரட்டிப்பாக 60 வர வேண்டும், வருகிறது.

தாம்பரம் கணக்கு டீச்சர்

நீளத்தோடு எண்ணுவது நல்ல வழி. ஆனால் வெறும் சுற்றளவு 60ஐ நம்பாதீர்கள், 5, 5, 3, 3 வலைக்கும் அதே 60தான் வரும். ஒட்டப்போகும் இரண்டு பக்கத்துக்கும் ஒரே எழுத்து போட்டு, இரண்டும் ஒரே நீளமா என்று ஸ்கேலில் அளந்து பாருங்கள்.

ஒட்டும் காது எத்தனை வைப்பது என்று யாராவது சொல்லுங்களேன். சிலர் பதினான்கு பக்கத்துக்கும் வைத்துவிட்டு மடிக்க முடியாமல் தவிக்கிறார்கள்.

பாரிமுனை அட்டைப்பெட்டி

இது நம்ம ஏரியா. ஒட்டு ஏழு, அதனால் காது ஏழுதான். ஓரத்தில் ஒரு இடத்தில் ஆரம்பித்துச் சுற்றி வரும்போது ஒரு பக்கத்துக்குக் காது, அடுத்ததுக்கு வேண்டாம், அதற்கடுத்ததுக்குக் காது. கைப்பழக்கத்தில் இப்படிப் போடுவோம், எப்போதும் பொருந்தும். காதின் இரண்டு முனையையும் சாய்த்து வெட்டுங்கள், இல்லாவிட்டால் உள்ளே போய் முட்டும். மடிப்புக் கோட்டில் மை தீர்ந்த பேனாவை ஸ்கேல் வைத்து அழுத்தி ஒரு இழு இழுத்தால் மடிப்பு நேராக விழும். மழைக்காலத்தில் இங்கே பசை காயவே நேரம் பிடிக்கும், ஒவ்வொரு ஒட்டையும் பிடித்துவைத்து அடுத்ததுக்குப் போங்கள்.

பெரம்பூர் வாத்தியார்

அண்ணன் சொன்ன ஒன்று விட்டு ஒன்று கணக்குப்படியும் எப்போதும் சரி. வெட்டுகிற ஏழு விளிம்பும் எட்டு முனையையும் கிளை மாதிரி இணைக்கிறது. அதைச் சுற்றி நடந்தால் ஒவ்வொரு வெட்டையும் போகும்போது ஒரு தரம், வரும்போது ஒரு தரம் தொடுவோம், நடுவில் வருகிற பக்கங்கள் இரட்டைப்படை. அதனால் ஒரு ஜோடியில் ஒன்றுக்குக் காது விழும், மற்றதற்கு விழாது. ஒரு எச்சரிக்கை: நேர்கோட்டில் தொடர்ந்து வரும் பக்கங்களைத் தனித்தனியாக எண்ண வேண்டும். நான்கு சதுர நீளத்தை ஒரே பக்கம் என்று எடுத்தால் வரிசை குலைந்துவிடும்.

வேளச்சேரி அம்மா

உருட்டிப் பார்க்கிற வழி கனச்செவ்வகத்துக்கும் ஆகுமா டீச்சர்? தீப்பெட்டியை உருட்டினால் கட்டத்தை விட்டு வெளியே போய்விடுகிறது.

கிண்டி இன்ஜினியரிங் மாணவி

வலையை வரைந்த அளவும் பெட்டியின் அளவும் ஒன்றாக இருந்தால் ஆகும். தீப்பெட்டிக்குத் தீப்பெட்டி அளவிலேயே வலை வரைந்து உருட்டுங்கள். அப்போது கட்டத்தை விட்டு வெளியே போனால் அதுவே தப்பின் அடையாளம், அந்த முகம் தவறான நீளத்தில் வரைந்திருக்கிறது. ஆனால் 5, 5, 3, 3 பட்டையில் இரண்டாவது உருட்டலிலேயே தெரிகிறதா, கடைசியில்தான் தெரிகிறதா என்பதில் எனக்கும் தங்கைக்கும் இன்னும் சண்டை. எந்தச் சுவரிலிருந்து ஆரம்பிக்கிறோம் என்பதைப் பொறுத்தது என்கிறாள் அவள்.