அன்னா கரேனினா கனவில் வரும் தாடிக்காரன்: விதியா, அவள் மனசா?

38ஆம் தெரு வாசகன், ரங்கூன்:
டால்ஸ்டாயின் அன்னா கரேனினாவை இப்போதுதான் முடித்தேன். ஆரம்பத்தில் ஒருவன் ரயிலில் அடிபட்டுச் சாகிறான், கடைசியில் அவளும் அப்படியே போகிறாள். நடுவில் இரும்பைத் தட்டும் தாடிக்காரன் கனவு. இதெல்லாம் விதியைக் காட்டவா, அவள் மனசைக் காட்டவா?

பெகுக்காரன்:
விதிதான் தம்பி. மாஸ்கோ ஸ்டேஷனில் அவள் வந்து இறங்கின அன்றே காவல்காரன் சக்கரத்தில் நசுங்குகிறான். கெட்ட சகுனம் என்று அண்ணனிடம் அவள் வாயாலேயே சொல்கிறாள். அதற்கு மேல் என்ன வேண்டும்? நம் சிலப்பதிகாரத்தைப் பாருங்கள். கோவலன் மேல் பழி வருவதையும், அரசனுக்கும் ஊருக்கும் கேடு வருவதையும் கண்ணகி புகாரிலேயே கனவில் கண்டுவிடுகிறாள். மதுரையில் அது வரி பிசகாமல் நடக்கிறது. கனவு சொன்னது நடந்தால் அது விதி. இதில் மனசு எங்கே வந்தது?

மோல்மீன் டீச்சர்:
அண்ணே, நீங்கள் சொன்ன கண்ணகியிடமே நில்லுங்கள். அவள் கனவைச் சொன்னதும் தோழி தேவந்தி என்ன சொன்னாள்? முற்பிறவியில் கணவனுக்காகச் செய்ய வேண்டிய நோன்பில் பிழை செய்துவிட்டாய், சோமகுண்டம் சூரியகுண்டத்தில் மூழ்கிக் காமவேளைத் தொழு என்றாள். கண்ணகி அது நமக்குப் பெருமை இல்லை என்று தள்ளிவிட்டாள். ஆக, கனவு ஒன்று, அதற்குப் பலன் சொல்வது வேறொன்று. அன்னாவின் கதையில் இந்த இடைவெளி இன்னும் பெரிது.

4ஆம் பாகம் 3ஆம் அத்தியாயத்தை மறுபடி எடுத்துப் பாருங்கள். கல்யாணமான அன்னா கர்ப்பமாக இருக்கும்போது தன் காதலன் விரோன்ஸ்கியிடம் கனவைச் சொல்கிறாள். படுக்கையறைக்குள் ஓடுகிறாள். மூலையில் சின்ன உருவமாக, பரட்டைத் தாடியோடு ஒரு குடியானவன் குனிந்து ஒரு சாக்குக்குள் எதையோ துழாவுகிறான். இரும்பை அடிக்க வேண்டும், நொறுக்க வேண்டும், பிசைய வேண்டும் என்று பிரெஞ்சில் படபடவென்று முணுமுணுக்கிறான். பயத்தில் விழிக்கப் பார்க்கிறாள், ஆனால் விழிப்பதும் கனவுக்குள்ளேயேதான். இதற்கு என்ன அர்த்தம் என்று கேட்கிறாள். வேலைக்காரன் கொர்னேய், பிரசவத்தில் செத்துப்போவாய் அம்மா என்கிறான்.

அந்தப் பலன் பொய்த்துப் போகிறது. பிரசவத்துக்குப் பிறகு காய்ச்சலில் சாகக் கிடந்து பிழைத்துக்கொள்கிறாள். விதி பேசியிருந்தால் தப்பாகவா சொல்லும்? பேசியது அவளுடைய பயம். செத்துப்போனால் எல்லாச் சிக்கலும் தீர்ந்துவிடும் என்று அந்த நாட்களில் அவளே நினைக்கிறாள். அந்த நினைப்புக்கு கொர்னேய் வாய் கொடுக்கிறான், அவ்வளவுதான்.

தட்டோன் அக்கா:
கனவு பலிக்குமா என்றுதானே கேட்கிறீர்கள்? என் விஷயத்தைச் சொல்கிறேன். மூத்தவள் வயிற்றில் இருந்தபோது, செத்துப்போன அப்பாயி வாசலில் நின்று வா வா என்று கூப்பிடுவதாகக் கனவு. மாமியார் அழுதுவிட்டார்கள். கோவிலில் விளக்குப் போட்டு, கையில் கயிறு கட்டி, ஒரு மாசம் என்னைத் தனியாகப் படுக்கவே விடவில்லை. அந்தப் பிள்ளைக்கு இப்போது 19 வயசு. ஆனால் அந்த ஒரு மாசமும் நான் செத்தவளாகத்தான் இருந்தேன். சோறு இறங்கவில்லை, எதைப் பார்த்தாலும் அடையாளமாகத் தெரிந்தது. கதவு காற்றில் அடித்தாலும் அப்பாயி வந்துவிட்டார்கள் என்று உடம்பு நடுங்கும்.

மோல்மீன் டீச்சர்:
அக்கா, கேள்வி நாவலில் வரும் கனவைப் பற்றியது. ஆனால் நீங்கள் கடைசியாகச் சொன்னதுதான் அன்னாவுக்கு நடப்பது. பயம் வந்துவிட்டால் கண்ணில் படுவதெல்லாம் அடையாளம்தான்.

இன்செயின் ரயில்காரர்:
நான் இலக்கியம் படித்தவன் இல்லை. 31 வருஷம் ரயில்வேயில் இருந்தவன், என் மகள் கொடுத்து இந்தப் புத்தகத்தைப் படித்தேன். குனிந்து இரும்பைத் தட்டும் ஆள் என்றால் எனக்கு உடனே புரிந்தது. வண்டி நின்றதும் சுத்தியலை எடுத்துக்கொண்டு சக்கரம் சக்கரமாகத் தட்டிக்கொண்டே போக வேண்டும். நல்ல சக்கரம் மணி மாதிரி கணீரென்று பாடும். விரிசல் இருந்தால் உடைந்த பானையைத் தட்டின மாதிரி சத்தம் செத்து வரும். ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பவர்களுக்குக் குனிந்த முதுகும் தொப்பியும் மட்டும்தான் தெரியும்.

முதல் பாகத்தில் பனிப்புயலில் அவள் இறங்கி நிற்கும்போது குனிந்த நிழல் ஒன்று காலடியில் நழுவிப் போகிறது, இரும்பில் சுத்தியல் சத்தம் கேட்கிறது. 7ஆம் பாகத்தில் அழுக்கான ஒருவன் ஜன்னலுக்கு வெளியே சக்கரத்தின் பக்கம் குனிகிறான், அவள் பயந்து எதிர்க் கதவுக்கு ஓடுகிறாள். பாவம், அந்த ஆள் தன் வேலையைச் செய்தான். அவனுக்கும் அவள் சாவுக்கும் சம்பந்தமே இல்லை.

பெகுக்காரன்:
சரி ஐயா, நிஜ ஆளுக்குக் காரணம் சொல்லிவிட்டீர்கள். இரண்டு பேருக்கும் ஒரே கனவு வந்ததற்கு யார் காரணம் சொல்வது? அவள் சொல்வதற்கு முன்பே, அன்றைக்கே, விரோன்ஸ்கி அதே தாடிக்காரனைக் கனவில் பார்க்கிறான். அவனும் குனிந்து எதையோ செய்கிறான், அவனும் பிரெஞ்சு பேசுகிறான். ஒரு மனசின் பயம் இன்னொரு மனசுக்குள் எப்படிப் போகும்? அப்புறம் 7ஆம் பாகம் 26ஆம் அத்தியாயத்தில், விரோன்ஸ்கியோடு உறவு ஏற்படுவதற்கு முன்பிருந்தே இந்தக் கனவு வந்துகொண்டிருந்தது என்று ஆசிரியரே சொல்கிறார். உறவே இல்லாதபோது குற்ற உணர்ச்சி ஏது?

மோல்மீன் டீச்சர்:
இரண்டாவதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். உறவு என்று அங்கே சொல்வது உடலுறவை, முதல் சந்திப்பை அல்ல. இரண்டுக்கும் நடுவே ஏறக்குறைய ஒரு வருஷம் இருக்கிறது. ஸ்டேஷன் சாவும் பனிப்புயல் இரவும் அந்த வருஷத்தின் தொடக்கத்திலேயே நடந்து முடிந்துவிட்டன. கனவுக்கு வேண்டிய சரக்கு அவளிடம் அப்போதே சேர்ந்துவிட்டது.

விரோன்ஸ்கி கனவுக்குப் பாதிக் காரணம் டால்ஸ்டாயே தருகிறார். ஒரு வெளிநாட்டு இளவரசனுக்கு ஊர் சுற்றிக்காட்டி ஒரு வாரம் அலைந்திருக்கிறான். கரடி வேட்டையில் மிருகத்தை வளைத்துக் கொடுத்த குடியானவன்தான் அவன் கனவில் வருபவன். ஆனால் அந்தப் பிரெஞ்சு? அவர்கள் வர்க்கமே பிரெஞ்சு பேசுவது என்று சொல்லலாம். அது எனக்கே போதவில்லை. அந்த இடத்தில் உங்களுக்கு விட்டுக்கொடுக்கிறேன், அண்ணே.

பெகுக்காரன்:
விட்டுக்கொடுத்ததோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1872 ஜனவரியில் யாசென்கி ஸ்டேஷனில் அன்னா என்ற பெயருள்ள ஒரு பெண் ரயில் முன் விழுந்து செத்தாள், டால்ஸ்டாய் போய் உடலைப் பார்த்தார். முடிவைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் கதையை எழுத உட்கார்ந்தார். அவளுக்குத் தப்பிக்க வழி எங்கே?

மோல்மீன் டீச்சர்:
எழுதுகிறவருக்கு முடிவு தெரிந்திருக்கும். அவளுக்குத் தெரியாது. மாஸ்கோ ஸ்டேஷனில் அவள் காதில் விழுவது இரண்டு பேச்சு. எவ்வளவு கொடூரமான சாவு என்கிறார் ஒருவர். இல்லை, ஒரு நொடியில் போய்விட்டானே, இதுதான் சுலபமான சாவு என்கிறார் இன்னொருவர். சகுனம் என்று ஒன்று இருந்தால், அது அந்த உடலை விட இந்த இரண்டாவது பேச்சில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

கடைசியில் பிளாட்பாரத்தில் நிற்கும்போது திடீரென்று அந்தக் காவல்காரன் ஞாபகம் வருகிறது, உடனே என்ன செய்ய வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்துவிடுகிறது. ரயில் அவளைத் தேடி வரவில்லை. பழைய சாவை எடுத்துத் தனக்கு வழியாக வைத்துக்கொள்கிறாள். முதல் பெட்டி வரும்போது கையிலிருந்த சிவப்புப் பையைக் கழற்றத் தாமதமாகி, அது போய்விடுகிறது. அடுத்த பெட்டிக்குக் காத்திருக்கிறாள். அந்தக் காத்திருப்பைப் படிக்கும்போதெல்லாம் புத்தகத்தை மூடிவிடலாமா என்று இருக்கும். அவள் திரும்பிப் போக அங்கே இடம் இருந்தது.

தட்டோன் அக்கா:
பக்கத்தில் ஒரு மாமியார் இருந்திருந்தால் கையைப் பிடித்து இழுத்திருப்பார்கள்.

38ஆம் தெரு வாசகன்:
சிவப்புப் பையை நான் கவனிக்கவே இல்லை, டீச்சர். கனவு வரும் இடங்களை மட்டும் இன்று இரவு திரும்பப் படிக்கிறேன்.

இன்செயின் ரயில்காரர்:
படிக்கும்போது இதையும் பாருங்கள் தம்பி. அவள் விழுந்த பிறகு, எல்லாம் அணைவதற்கு முன்னால், ஒரு குடியானவன் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு இரும்பில் வேலை செய்தான் என்று ஒரு வரி வருகிறது. அவள் கண்டதாக எழுதவில்லை, நடந்ததாகவே எழுதியிருக்கிறது. ஓடும் வண்டிக்கு அடியில் எந்தத் தொழிலாளியும் சக்கரம் தட்ட மாட்டான். அப்படியானால் அங்கே இருந்தது யார்?

பெகுக்காரன்:
அதைத்தான் நானும் முதலிலிருந்து கேட்கிறேன், ஐயா.