ஹாஸ்டல் விதி: கெட்டிலுக்கு 500 ரூபாய் அபராதம் போட்டும் கெட்டில் குறையவில்லை

புதுவார்டன்:
தென் மாவட்டத்தில் ஒரு பொறியியல் கல்லூரி ஆண்கள் விடுதிக்கு இந்த வருஷம் டெபுடி வார்டனாகப் போட்டிருக்கிறார்கள். விதிமுறைகளைப் புதிதாக எழுதும் வேலையும் என் தலையில். பழைய தாளில் 41 விதிகள் இருக்கின்றன. மீறினால் என்ன ஆகும் என்று கேட்டால் ஒரே வரிதான்: "தக்க நடவடிக்கை எடுக்கப்படும்."

கெட்டிலுக்கு மட்டும் 500 ரூபாய் அபராதம் என்று வாய்வழி வழக்கம். போன மாதம் ஒரு அறையில் பிடித்தேன். பையன் முகம் சுளிக்காமல் 500 ரூபாயை எடுத்து நீட்டினான், எல்லாம் நூறு ரூபாய்த் தாள்கள். அப்புறம்தான் தெரிந்தது, அந்த அறையிலும் பக்கத்து அறைகளிலும் ஆளுக்கு ஐம்பது போட்டு முன்கூட்டியே வசூல் செய்து வைத்திருக்கிறார்கள். கெட்டிலுக்கு வாடகை கட்டுகிற மாதிரி!

ஹாஸ்டலில் மாட்டியவர்கள், மாட்ட வைத்தவர்கள் இரண்டு தரப்பும் சொல்லுங்கள். எந்தத் தண்டனை வேலை செய்தது, எது செய்யவில்லை?

ரவி_ஈஈஈ:
நான் மாட்டியவன். எங்கள் பிளாக்கில் எட்டு அறைக்கு ஒரு லைன், கரண்டு அளவுக்கு மீறினால் தானே துண்டிக்கும் 16 ஆம்பியர் எம்சிபி. ஒரு கெட்டில் 1500 வாட், ஆறரை ஆம்பியர் இழுக்கும். ராத்திரி பதினொன்றுக்கு நாலு ரூமில் நூடுல்ஸ் என்றால் 26 ஆம்பியர். கொஞ்ச நேரத்தில் எட்டு ரூமும் இருட்டாகிவிடும், எல்லோரும் கத்துவோம்.

இதில் யாரும் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு. தினமும் ட்ரிப் ஆகிறது என்று நாங்களே புகார் கொடுத்தோம். எலக்ட்ரீஷியன் அண்ணன் தொல்லை விட்டால் போதும் என்று எம்சிபியைக் கழற்றி 32 ஆம்பியர் போட்டுவிட்டார். வயர் அதே பழைய மெல்லிய வயர், 32 ஆம்பியரைத் தாங்காது. அதன்பிறகு ட்ரிப் ஆகவே இல்லை. எங்களுக்கு ஒரே சந்தோஷம். ஒரு மாதம் கழித்து என் கட்டிலுக்குப் பின்னால் இருந்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸிலிருந்து கருவாடு கருகுகிற மாதிரி வாடை. பிளக்கை உருவினால் பின் சுட்டது, ஓட்டையைச் சுற்றி பிளாஸ்டிக் பழுப்பாகி இளகியிருந்தது. போர்வை ஓரத்திலும் பழுப்புக் கறை. அன்று நான் அறையில் இல்லாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் நினைப்பேன்.

விதியை எழுதும்போது "மின்சாதனம் தடை" என்று மட்டும் எழுதாதீர்கள் சார். ஏன் என்று ரெண்டு வரி போடுங்கள். நாங்கள் கரண்டு பில் மிச்சம் பிடிக்கத்தான் சொல்கிறார்கள் என்று நினைத்திருந்தோம். முதலில் எம்சிபிகள் இருக்கும் உங்கள் டிபி பாக்ஸைத் திறந்து பாருங்கள், யாராவது எம்சிபி மாற்றியிருக்கப் போகிறார்கள்.

செல்வி அம்மா:
ஐயா, என் மகன் படிப்பு முடித்து நாலு மாதம் ஆகிறது, காஷன் டெபாசிட் இன்னும் வரவில்லை. கெட்டில் அபராதம் என்று அதில் பிடிப்பார்களா? யாரிடம் கேட்க வேண்டும்?

புதுவார்டன்:
அம்மா, என்ன காரணத்துக்கு எவ்வளவு பிடித்தார்கள் என்று கணக்குக் கேட்டு எழுத்தில் ஒரு மனு கொடுங்கள். முதல்வர் பெயருக்கே எழுதி, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்கி நகல் வைத்துக்கொள்ளுங்கள். (இதையும் விதியில் சேர்க்க வேண்டும் போல. அபராதத்துக்கு ரசீது என்று எங்கேயுமே இல்லை.)

பழைய_வார்டன்:
22 வருஷம் விடுதி பார்த்தவன். நான் செய்த தப்பைச் சொல்கிறேன் தம்பி.

ஒரு ராத்திரி ரவுண்ட்ஸில் ஒரு கட்டிலுக்கடியில் இண்டக்ஷன் அடுப்பு பிடித்தேன். அதே அறையில் அது மூன்றாவது தடவை. கோபத்தில் அந்தக் கட்டில்காரனை அப்போதே பெட்டியைக் கட்டச் சொல்லிவிட்டேன். ஊருக்குக் கடைசி பஸ் போய்விட்டது. பையன் விடியும்வரை பஸ் ஸ்டாண்டில் டிரங்குப் பெட்டிமேல் உட்கார்ந்திருக்கிறான். காலையில் அவன் அப்பா வந்தார். விசாரித்தால் அடுப்பு ரூம்மேட்டுடையது. இவன் காட்டிக்கொடுக்க மனசில்லாமல் வாயை மூடியிருக்கிறான். முதல்வர் உத்தரவை ரத்து செய்தார். அதோடு என் பேச்சு அந்த பிளாக்கில் எடுபடவில்லை.

பிறகு மாற்றினோம். முதல் தடவை: பொருளை எடுத்துக் கவரில் போட்டு, பெயர், அறை எண், தேதி எழுதி ஒட்டி, பையனிடம் ரசீது. பருவம் முடிந்து அறை காலி செய்யும்போது பெற்றோர் வந்தால்தான் கொடுப்போம். காசே வாங்கவில்லை. அப்பாவைக் கூட்டிவந்து கெட்டிலை வாங்குவதற்கு 500 ரூபாய் தேவலை என்று பையன்களே சொன்னார்கள். இரண்டாவது தடவை: விளக்கக் கடிதம், வீட்டுக்குத் தபால். மூன்றாவது தடவை: அடுத்த பருவத்துக்கு அறை கிடையாது. ஆனால் அதற்கு முன் ஏழு நாள் அவகாசம் கொடுத்து நோட்டீஸ், மூன்று பேர் உட்கார்ந்து விசாரணை. பிடித்தவர் அந்த மூவரில் இருக்கக் கூடாது. இதைக் கட்டாயம் எழுதுங்கள்.

இன்னொன்று, ஒவ்வொரு மாடியிலும் வெந்நீர் வரும் மெஷின் ஒன்று தனி லைனில் வைத்தோம். பாதிக் கெட்டில் அதிலேயே போய்விட்டது.

கார்த்தி_லா:
யார் பொருள் என்று தெரியாவிட்டால் அறை மொத்தத்துக்கும் தண்டனை என்று நிறைய ஹாஸ்டலில் இருக்கிறது. கூட்டுத் தண்டனை சட்டப்படி செல்லாது. கோர்ட்டில் நிற்காது.

பழைய_வார்டன்:
பாதி சரி தம்பி. ராகிங்கில் அப்படி இல்லை. யுஜிசியின் 2009 ஒழுங்குமுறையிலேயே, செய்தவர்களை அடையாளம் காண முடியாவிட்டால் கூட்டாகத் தண்டிக்கலாம் என்று இருக்கிறது. தமிழ்நாட்டில் 1997 சட்டப்படி ராகிங் குற்றம், இரண்டு வருஷம்வரை சிறை. அங்கே வார்டன் சமாதானம் பேசி முடிப்பது என்பதே இல்லை. அந்த வேகத்தைக் கெட்டிலில் காட்டினால்தான் தப்பு.

கார்த்தி_லா:
ராகிங் விஷயம் ஒப்புக்கொள்கிறேன். கெட்டிலுக்கு நாலு பேரையும் தண்டிப்பதில் எனக்கு இன்னும் உடன்பாடில்லை.

தேன்மொழி:
ஆண்கள் ஹாஸ்டலில் கெட்டில்தான் பிரச்சினையா? எங்களுக்கு ஆறரை மணிக்கு கேட் மூடுவார்கள். பையன்களுக்கு ஒன்பதரை. ஒரு நாள் ரயில் தாமதம், ஏழேகாலுக்கு வந்தேன். ரயில் டிக்கெட்டை நீட்டினேன், வார்டன் மேடம் கையில்கூட வாங்கவில்லை. என் கண் முன்னாலேயே வீட்டுக்குப் போன் போட்டு, "உங்க பொண்ணு இப்பத்தான் வந்திருக்கா, எங்க போனான்னு நீங்களே கேளுங்க" என்றார். விதிப்படி மூன்றாவது தடவைதான் வீட்டுக்குச் சொல்ல வேண்டும். எனக்கு அது முதல் தடவை. அந்தப் போனுக்கு நான் வீட்டில் ஒரு வருஷம் பதில் சொன்னேன்.

யுஜிசி 2015 விதிகளில், பாதுகாப்பைக் காரணம் காட்டி ஆண்களுக்கு இல்லாத கட்டுப்பாட்டைப் பெண்கள் விடுதியில் போடக் கூடாது என்று தெளிவாக இருக்கிறது. பிறகுதான் எனக்குத் தெரியும். உங்கள் தாளில் ரெண்டு விடுதிக்கும் ஒரே நேரம் போடுவீர்களா சார்?

புதுவார்டன்:
பெண்கள் விடுதித் தாள் என் கையில் இல்லை மேடம், கமிட்டியில் கேட்கிறேன். சரி என்பார்கள் என்று சொல்ல முடியாது. வீட்டுக்கு எப்போது, யார், என்ன வார்த்தையில் சொல்வது என்பதை என் தாளிலாவது எழுதிவிடுகிறேன்.

இன்று டிபி பாக்ஸ் திறந்து பார்த்தோம். ஆறு லைனில் இரண்டில் 32 ஆம்பியர். கழற்றி 16 மாட்டியாகிவிட்டது. ராத்திரி பத்தேமுக்காலுக்கு இரண்டாவது மாடி இருட்டு. டார்ச்சோடு போனால் ஒரு பையன் சொல்கிறான்: "சார், இது அயர்ன் பாக்ஸ். நாளைக்கு பிளேஸ்மென்ட். இதுவும் கெட்டில் கணக்கா?"