சித்தப்பாவின் இருமல் மருந்து (நம்ம குடும்பம் குழு, ஞாயிறு இரவு)

ராஜாமணி, 7:42
தேவி, நீ திருச்சியில் மருந்துக்கடையில்தானே இருக்கிறாய். இங்கே திண்டுக்கல்லில் நான் வழக்கமாக வாங்கும் இருமல் மருந்தைக் கடைக்காரர் சீட்டு இல்லாமல் தர மாட்டேன் என்கிறார். ஐந்து மாதமாகத் தந்தவர்தான். இரண்டு பாட்டில் பஸ்ஸில் கொடுத்து விட முடியுமா?

சுந்தர், 7:45
மாப்பிள்ளை, அதைத் தொடாதீர்கள். மத்தியப் பிரதேசத்தில் குழந்தைகள் செத்தது அந்த மருந்தால்தான். அதனால்தான் தடை செய்துவிட்டார்கள்.

தேவி, 7:51
மாமா, அது வேறு விஷயம். 2025இல் அங்கே நடந்தது சிரப்பில் டை எத்திலீன் கிளைக்கால் என்ற விஷம் கலந்திருந்ததால். சித்தப்பா, பாட்டிலின் பின்பக்கத்தைப் படம் எடுத்துப் போடுங்கள்.

ராஜாமணி, 7:55
[படம்]

தேவி, 8:02
5 மில்லியில் கோடீன் 10 மில்லிகிராம், ட்ரிப்ரோலிடின் 1.25. கலப்படம் எதுவும் இல்லாத, சரியாகச் செய்த பாட்டிலிலேயே கவலைப்பட வேண்டியது இந்தக் கோடீன்தான். அபினி வகையைச் சேர்ந்தது. கல்லீரல் அதில் ஒரு பங்கை மார்ஃபினாக மாற்றும். ஹெச்1 பட்டியலில் இருப்பதால் டாக்டர் சீட்டு வேண்டும். டாக்டர் பெயர், நோயாளி பெயர், எத்தனை பாட்டில் என்று தனி நோட்டில் எழுதி, அதை மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். கடைக்காரர் இப்போது செய்ததுதான் சரி. இத்தனை நாள் தந்ததுதான் தப்பு.

சுந்தர், 8:04
தடை என்று நான் படித்தேனே அம்மா.

தேவி, 8:07
நீங்கள் படித்ததும் உண்மைதான் மாமா. 2023 ஜூனில் தடை செய்த 14 கூட்டு மருந்துகளில் குளோர்பெனிரமினோடு கோடீன் சேர்ந்த சிரப்பும் ஒன்று. சித்தப்பா வைத்திருப்பது வேறு கூட்டு. கோடீன் மட்டும் இரண்டிலும் அதேதான்.

கார்த்தி, 8:15
இங்கிலாந்தில், லெஸ்டருக்கு நான் வந்த புதிதில் கோடீன் லிங்க்டஸ் என்ற இருமல் சிரப்பைப் பார்மசியில் கேட்டாலே கொடுப்பார்கள். 2024இல் அதையும் டாக்டர் சீட்டு இருந்தால்தான் என்று மாற்றிவிட்டார்கள். இருமலே இல்லாதவர்கள் கடை கடையாகப் போய் வாங்கிக் குடித்ததுதான் காரணம். நைஜீரியாவில் 2018இல் கோடீன் சிரப் தயாரிக்கவும் இறக்குமதி செய்யவுமே தடை போட்டார்கள்.

ராஜாமணி, 8:18
நான் போதைக்காகக் குடிக்கவில்லை. இருமலுக்குக் குடிக்கிறேன். குடிகாரனைப் பேசுவது போலப் பேச வேண்டாம்.

தேவி, 8:20
அப்படி யாரும் நினைக்கவில்லை சித்தப்பா. இருமலுக்கென்று ஆரம்பித்து இதில் மாட்டிக்கொண்டவர்களைக் கடையில் நிறையப் பார்த்திருக்கிறேன். ஒரு நாளைக்கு எவ்வளவு குடிக்கிறீர்கள்?

ராஜாமணி, 8:21
எழுதியிருக்கிறபடிதான். மூன்று வேளை, ஒரு மூடி.

செல்வி, 8:26
நான் சொல்கிறேன் தேவி. முதலில் ஒரு பாட்டில் ஒரு வாரம் வந்தது. இப்போது இரண்டு நாளில் தீர்ந்துவிடுகிறது. மூடியில் ஊற்றுவதே இல்லை, அப்படியே வாயில் சாய்த்துக்கொள்கிறார். வயிறு கட்டிக்கொள்கிறது என்று தினமும் இசப்கோல் கலக்கிக் கொடுக்கிறேன்.

தேவி, 8:34
சித்தி, கணக்குப் பாருங்கள். மூன்று வேளை 5 மில்லி என்றால் ஒரு நாளைக்குக் கோடீன் 30 மில்லிகிராம். 100 மில்லி பாட்டில் இரண்டு நாளில் தீர்ந்தால் ஒரு நாளைக்கு 100. உடம்பு பழகப் பழக, முதல் மாதம் ஒரு மூடி கொடுத்த இதத்தை இப்போது மூன்று மூடிதான் கொடுக்கிறது. மலச்சிக்கலும் இதனால்தான் இருக்கும், குடலின் அசைவைக் கோடீன் மந்தமாக்கிவிடும். மருந்து இல்லாத நாளில் எப்படி இருந்தார்?

செல்வி, 8:41
போன ஞாயிறு பாட்டில் காலி, கடையும் மூடியிருந்தது. சாயங்காலம் மூக்கு ஒழுக ஆரம்பித்தது. கண்ணில் தண்ணீர், ஓயாத கொட்டாவி. கை முடி சிலிர்த்துக்கொண்டு நின்றது, போர்வை கேட்டார். கால் குடைகிறது என்று ராத்திரி முழுவதும் தூங்கவில்லை, நாலு தடவை பாத்ரூம் போனார். "பார், மருந்தை விட்டதும் சளி திரும்பி வந்துவிட்டது" என்றார். திங்கள் காலை வாங்கிக் குடித்தார், அரை மணியில் எல்லாம் சரியாகிவிட்டது.

தேவி, 8:50
சித்தப்பா, இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். அது சளி இல்லை. சளி அரை மணி நேரத்தில் போகாது, சளிக்குக் கை முடி சிலிர்த்து நிற்காது. கோடீன் கிடைக்காமல் உடம்பு தவிப்பதுதான் அது. மூக்கொழுகலும் உடம்பு வலியும் சளி மாதிரியே இருப்பதால் எல்லோரும் நோய் திரும்பிவிட்டது என்று நம்பி இன்னொரு மூடி குடிக்கிறார்கள். இதில் உங்கள் தப்பு ஒன்றுமில்லை. ஆனால் சளிக்கென்று நீங்கள் குடிக்கும் மருந்துதான் அந்தச் சளியையே உண்டாக்குகிறது.

நிர்மலா, 8:53
ஐயோ, போன மாதம் பேரன் இருமினான் என்று தம்பி வீட்டில் இருந்த பாட்டிலில் அரை மூடி கொடுத்தேனே. நன்றாகத் தூங்கினான். எட்டு வயது. ஏதாவது ஆகுமா?

தேவி, 8:59
ஒரு மாதம் ஆகிவிட்டது, பையன் நன்றாக இருக்கிறான், பயப்படாதீர்கள் அத்தை. இனி மட்டும் கொடுக்கவே கூடாது. சிலருடைய கல்லீரல் கோடீனை மிக வேகமாக மார்ஃபினாக மாற்றிவிடும். யாருக்கு அப்படி என்று வெளியே பார்த்துத் தெரியாது. அந்தக் குழந்தைக்கு அளவாகக் கொடுத்தாலும் தூக்கத்திலேயே மூச்சு மந்தமாகி நின்றுவிடலாம். ஐரோப்பாவில் 2015இலும் அமெரிக்காவில் 2017இலும் 12 வயதுக்குக் கீழே கூடாது என்று சொன்னதற்கு அதுதான் காரணம். பால் கொடுக்கும் அம்மாவும் குடிக்கக் கூடாது.

சுந்தர், 9:02
அப்படியானால் இன்றே மொத்தமாக நிறுத்திவிட வேண்டியதுதான் மாப்பிள்ளை. மனதில் உறுதி இருந்தால் போதும்.

தேவி, 9:06
வேண்டாம் மாமா. ஐந்து மாதம் பழகிய உடம்பு. திடீரென்று நிறுத்தினால் போன ஞாயிறு மாதிரி ஒரு வாரம் தவிப்பார், தாங்காமல் வேறு கடை தேடுவார். டாக்டர் பார்த்துப் படிப்படியாகக் குறைப்பார், வேண்டுமானால் வேறு மருந்தும் கொடுப்பார். சித்தி, தூக்க மாத்திரையோ பிராந்தியோ இதனோடு சேரவே கூடாது, மூச்சு அடங்கிவிடும். அப்புறம், பிரஷருக்கு எந்த மாத்திரை?

செல்வி, 9:09
ராமிப்ரில் 5. ஆறேழு மாதமாக.

தேவி, 9:15
ராமிப்ரில், எனலாப்ரில் மாதிரி பெயர் "ப்ரில்" என்று முடிகிற மாத்திரை சிலருக்கு வறட்டு இருமலைக் கொடுக்கும். இருமலின் ஆரம்பமே அதுவாக இருக்கலாம், உறுதியாகச் சொல்ல மாட்டேன். நீங்களாக நிறுத்தாதீர்கள், டாக்டரிடம் காட்டுங்கள். மாற்றினாலும் இருமல் அடங்கச் சில வாரம் ஆகும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றாலே சளிப் பரிசோதனையும் எக்ஸ்ரேயும் எடுக்க வேண்டும். ஐந்து மாதமாக எடுக்கவே இல்லையே. கோடீன் இருமலை அமுக்கும், காரணத்தைத் தொடாது.

ராஜாமணி, 9:31
எந்த டாக்டரிடம் போக வேண்டும்?

தேவி, 9:33
இருமலுக்குப் பொது மருத்துவர். மருந்தைக் குறைக்க மனநலப் பிரிவு. இரண்டும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே இருக்கின்றன.

ராஜாமணி, 9:34
மனநலப் பிரிவா? ஊரில் தெரிந்தால் என்ன பேசுவார்கள்? முதலில் இருமலுக்குப் பார்க்கிறேன், அதை அப்புறம் பார்க்கலாம்.

கார்த்தி, 9:36
மாமா, 14416க்குப் போனில் பேசிப் பாருங்கள். டெலி மானஸ், தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது.

ராஜாமணி, 9:52
செல்வி, பீரோவில் வேட்டிகளுக்குக் கீழே மூன்று பாட்டில் இருக்கிறது. உனக்குத் தெரியாது என்று நினைத்து வைத்திருந்தேன். எடுத்து நீயே வைத்துக்கொள்.

தேவி, 9:54
சித்தி, கீழே கொட்டிவிடாதீர்கள். பூட்டி வைத்து, டாக்டரைப் பார்க்கும்வரை நீங்களே மூடியில் அளந்து கொடுங்கள். இப்போது குடிப்பதற்கு மேல் ஒரு சொட்டும் ஏறக் கூடாது. கண் சொருகினாலோ மூச்சு மெதுவானாலோ கொடுக்காமல் உடனே 108ஐக் கூப்பிடுங்கள். எத்தனை மணிக்கு எத்தனை மில்லி என்று காலண்டரில் எழுதுங்கள். டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.

சுந்தர், 9:58
காலை ஏழு மணிக்குக் காரோடு வாசலில் இருப்பேன். ராமிப்ரில் அட்டையை எடுத்துக்கொள்ளுங்கள் மாப்பிள்ளை.

செல்வி, 10:20
[படம்: காலண்டர் தாள்] இரவு 10:15, 10 மில்லி.